"அன்புள்ள க.," என்று தொடங்கிய அஞ்சல்: கையொப்பத்தையும் விளிப்பையும் ஒரு சீராக்கிய அனுபவம்

எங்கள் கணக்குப் பிரிவு ஒருமுறை வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் ஓர் அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பியது. நிறுவனத்தின் வங்கிக் கணக்கு மாறியிருந்தது. இனிமேல் புதிய கணக்கில் பணம் செலுத்தக் கேட்டிருந்தார்கள். உண்மையான அறிவிப்புதான். ஆனால் எங்களோடு பல ஆண்டுகளாக வணிகம் செய்துவரும் ஒருவர், அதைப் படித்ததும் செலுத்தவிருந்த தொகையை நிறுத்திவைத்துவிட்டு விற்பனைப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தார். "உங்க பேர்ல யாரோ போலி மெயில் அனுப்புறாங்க, கவனமா இருங்க" என்றார்.

அவர் சந்தேகப்பட்டதற்கு மூன்று காரணங்கள் சொன்னார். விற்பனைப் பிரிவிலிருந்து வரும் அஞ்சல்களில் நிறுவனப் பெயர் முழுதாக, 'பிரைவேட் லிமிடெட்' என்று முடியும். இதில் அது இல்லை. தொலைபேசி எண் அவரிடம் இருந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அஞ்சல் "அன்புள்ள க.," என்று தொடங்கியிருந்தது. "பத்து வருஷமா பழகுறோம், என் இனிஷியலை மட்டும் போட்டு எழுதுவீங்களா?" என்று கேட்டார். அவர் செய்தது முற்றிலும் சரி. கணக்கு மாறியதாக அஞ்சல் வந்தால் எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் எங்களுடைய சொந்த அஞ்சலே போலி மாதிரி இருந்ததற்கு நாங்கள்தான் பொறுப்பு.

அதற்குப் பிறகுதான் நிறுவன நடைக் கையேட்டில் மின்னஞ்சலுக்கென ஒரு பகுதி எழுதும் வேலை என்னிடம் வந்தது. நிர்வாகப் பிரிவில் கடிதங்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. அதனால் இரண்டு பக்கத்தில் விதிகளை எழுதிச் சுற்றறிக்கையாக அனுப்பினால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது ஏழெட்டுப் பேர்தான் மாற்றியிருந்தார்கள். அந்த ஏழெட்டும் ஒன்றுபோல் இல்லை.

இரண்டாவது முறை விதிகளைத் தள்ளிவைத்துவிட்டு, இருப்பதைப் பார்ப்பதிலிருந்து தொடங்கினேன். ஒரு தனி அஞ்சல் முகவரி திறந்து, எல்லோரையும் அதற்கு மூன்று அஞ்சல் அனுப்பச் சொன்னேன்: கணினியிலிருந்து புதிய அஞ்சல் ஒன்று, கணினியிலிருந்து பதில் அஞ்சல் ஒன்று, கைபேசியிலிருந்து ஒன்று. இதை மட்டும் யாரும் தவறாமல் செய்யுங்கள். கையொப்பம் என்று நாம் பேசுவது ஒன்றல்ல, இந்த மூன்று நிலையிலும் தனித்தனியாக இருப்பது. அவுட்லுக்கில் புதிய அஞ்சலுக்கும் பதில் அஞ்சலுக்கும் வேறுவேறு கையொப்பம் வைக்கலாம்; கைபேசிச் செயலியின் கையொப்பம் தனி. கணினியில் அழகாக அமைத்திருந்தவர்களின் கைபேசியிலிருந்து "Sent from my iPhone" என்ற வரி மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கே அது தெரியாது.

அந்த அஞ்சல்களை ஒரே கோப்புறையில் வரிசையாகப் பார்த்தபோது வாடிக்கையாளர் கண்ணில் நாங்கள் எப்படித் தெரிகிறோம் என்பது புரிந்தது. நிறுவனப் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. வேலையை விட்டுப் போன ஒருவரின் கைபேசி எண், அவருக்கு அடுத்து வந்தவரின் கையொப்பத்தில் இருந்தது. பழைய அஞ்சலிலிருந்து நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். ஒரு பிரிவில் கையொப்பம் முழுவதுமே ஒரு படம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பெறுபவர் அதிலிருந்து எண்ணை நகலெடுக்க முடியாது, கைபேசியில் தொட்டு அழைக்க முடியாது, படங்களைத் தடுத்துவைத்திருக்கும் அஞ்சல் பெட்டியில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். திரைவாசிப்பானில் கேட்பவருக்கு ஒன்றுமே கிடைக்காது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் சேவையகமே கையொப்பத்தைச் சேர்த்துவிடட்டும் என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் சொன்னார்கள். நாங்கள் மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பயன்படுத்துகிறோம். அதில் அஞ்சல் ஓட்ட விதி ஒன்றை எழுதினால், வெளியே போகும் ஒவ்வோர் அஞ்சலின் அடியிலும் அலுவலர் பட்டியலிலிருந்து விவரங்களை எடுத்து நிரப்பிவிடும். முதலில் எழுதிய வார்ப்புரு இதுதான்:

```
<p>%%DisplayName%%<br>
%%Title%%, %%Department%%<br>
Phone: %%PhoneNumber%%<br>
Mobile: %%MobileNumber%%</p>
```

இதை நான்கு நாள் ஓடவிட்டோம். நான்கு பிழைகள் வெளிவந்தன. நான்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை.

முதலாவது, பட்டியலில் கைபேசி எண் இல்லாதவர்களின் அஞ்சலில் "Mobile:" என்று வெறும் தலைப்பு மட்டும் தொங்கியது. விவரம் இல்லையென்றால் அந்த இடம் காலியாகிவிடும். ஆனால் நாம் எழுதிய தலைப்புச் சொல் அப்படியே நிற்கும். எண் உள்ளவர், இல்லாதவர் என்று குழு பிரித்து இரண்டு விதி எழுதலாம். அதைவிட எளிய வழி, எல்லோருக்கும் நிச்சயமாக இருக்கிற விவரத்தை மட்டும் வைப்பது. எங்களிடம் எல்லோருக்கும் இருந்தது துறையின் பொது எண். அதை மட்டும் வைத்தோம். கைபேசி எண் தர விரும்புபவர் கடிதத்தின் உள்ளே எழுதிக்கொள்ளட்டும். ஆள் மாறினாலும் துறை எண் மாறாது என்பது இதில் கிடைத்த கூடுதல் நன்மை.

இரண்டாவது பிழைதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. இந்த விதி கையொப்பத்தை, நீங்கள் எழுதிய பதிலுக்குக் கீழே வைக்காது. மேற்கோளாக வரும் பழைய அஞ்சல்கள் எல்லாவற்றுக்கும் அடியில், ஆகக் கீழே வைக்கும். ஆறு முறை அஞ்சல் போய் வந்தால், அடியில் எங்கள் கையொப்பங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குவிந்திருக்கும். மேலே பதில் எழுதியவர் யார் என்பது மட்டும் தெரியாது. இதைத் தடுக்க, குறிப்பிட்ட ஒரு தொடர் அஞ்சலில் ஏற்கெனவே இருந்தால் விதி செயல்பட வேண்டாம் என்று விலக்கு எழுதலாம். எழுதினோம். குவிவது நின்றது. ஆனால் அதே உரையாடலில் வேறொரு துறையிலிருந்து ஒருவர் பதில் எழுதும்போது, பழைய கையொப்பத்தின் தொடர் மேற்கோளில் இருக்கிறதல்லவா, அதைக் கண்டு விதி விலகிக்கொண்டது. அவருடைய அஞ்சல் பெயரே இல்லாமல் போனது.

மூன்றாவது, சேவையகம் சேர்ப்பது அனுப்புபவருக்குத் தெரியாது. அவர் எழுதும் திரையிலும் வராது, அனுப்பியவை கோப்புறையிலும் இருக்காது. "என் கையொப்பம் வரவே இல்லை" என்று நினைத்துப் பலர் பழையதையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளருக்கு இரண்டு கையொப்பம் போனது.

நான்காவது, பொது அஞ்சல் பெட்டிகள். கணக்குப் பிரிவின் பொது முகவரியிலிருந்து நால்வர் எழுதுகிறார்கள். விதிக்குத் தெரிந்த அனுப்புநர் அந்தப் பெட்டிதான், பெட்டியின் பின்னால் இருக்கும் ஆள் அல்ல. அதனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டியின் பெயரே வந்தது.

இதையெல்லாம் பார்த்த பிறகு கையொப்பத்தை இரண்டாகப் பிரித்தோம். இன்றும் யார் கேட்டாலும் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆளைச் சொல்லும் பகுதி, அதாவது பெயர், பதவி, துறை, துறை எண் ஆகிய நான்கு வரிகள், அவரவர் கணினியில் இருக்கும். எழுதும்போதே கண்ணுக்குத் தெரியும். பதிலுக்குக் கீழே சரியான இடத்தில் விழும். பொது அஞ்சல் பெட்டியிலும் எழுதுபவர் தன் பெயரையே வைப்பார். நிறுவனத்தைச் சொல்லும் பகுதி, அதாவது பதிவுப் பெயர், பதிவு எண், பதிவு அலுவலக முகவரி ஆகியவை கொண்ட ஒற்றை வரி, சேவையகத்திலிருந்து வரும். அது ஆகக் கீழே இருந்தாலும் தவறில்லை, உரையாடலுக்கு ஒருமுறை வந்தால் போதும், யார் அனுப்பினாலும் மாறாது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பதிவான நிறுவனங்கள் வணிக மின்னஞ்சலில் இத்தகைய பதிவு விவரங்களைத் தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் நிறுவனம் பதிவான நாட்டில் என்ன கேட்கிறார்கள் என்று நிறுவனச் செயலரிடம் கேட்டு, அந்த ஒரு வரியை அவரையே எழுதித்தரச் சொல்லுங்கள்.

விதியின் இறுதி வடிவம் ஏறக்குறைய இப்படி இருந்தது. REGISTERED LINE என்று இருக்கும் இடத்தில் அந்த நிறுவன வரி வரும்:

```
New-TransportRule -Name "Company line" `
 -FromScope InOrganization -SentToScope NotInOrganization `
 -ApplyHtmlDisclaimerLocation Append `
 -ApplyHtmlDisclaimerText "<p>REGISTERED LINE</p>" `
 -ExceptIfSubjectOrBodyContainsWords "REGISTERED LINE" `
 -ApplyHtmlDisclaimerFallbackAction Ignore
```

கடைசி வரியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். குறியாக்கம் செய்த அஞ்சலுக்குள் சேவையகத்தால் எதையும் சேர்க்க முடியாது. அப்போது என்ன செய்வது என்பதை அந்த வரி சொல்கிறது. `Wrap` என்று வைத்தால், மூல அஞ்சலை இணைப்பாக்கி, புதிய அஞ்சல் ஒன்றுக்குள் வைத்து அனுப்பும். அஞ்சலைத் திறந்ததும் நிறுவன வரி மட்டும் தெரிய, செய்தி எங்கே என்று வாடிக்கையாளர் தேட வேண்டியிருக்கும். அதனால் `Ignore` வைத்தோம். அத்தகைய அஞ்சல்கள் அந்த வரி இல்லாமலே போகும். சட்டப்படி அந்த வரி எல்லா அஞ்சலிலும் வேண்டும் என்றால், இந்த முடிவை எடுப்பதற்கு முன் செயலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

லோகோ பற்றி நீண்ட விவாதம் நடந்தது; முடிவை மட்டும் சொல்கிறேன். அஞ்சலுக்குள் பதித்த லோகோ, பெறுபவர் பெட்டியில் பல நேரம் `image001.png` என்று இணைப்பாகத் தெரிகிறது. விலைப்பட்டியல் இணைத்த அஞ்சல் எது, லோகோ மட்டும் உள்ள அஞ்சல் எது என்று பிரித்தறிய முடியவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். லோகோவை எடுத்துவிட்டோம்.

கையொப்பத்துக்குள் 'நன்றியுடன்' போன்ற நிறைவுச் சொல்லை வைக்கக் கூடாது என்ற விதிக்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. "ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டுமா?" என்று கேட்டார்கள். சேகரித்த மாதிரிகளிலிருந்து இரண்டு அஞ்சல்களைக் காட்டினேன். ஒன்றில், எழுதியவர் தானாக 'நன்றி' என்று முடித்திருக்க, கீழே தானியங்கியாக இன்னொரு 'நன்றியுடன்' வந்திருந்தது. மற்றது, பல மாதம் பணம் தராத ஒருவருக்கு அனுப்பிய இறுதி எச்சரிக்கை. ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம் என்று முடியும் அந்தக் கடிதத்தின் அடியில் "அன்பும் நன்றியும்" என்று இருந்தது. அதன் பிறகு யாரும் மறுக்கவில்லை. இப்போது கையொப்பம் பெயரில்தான் தொடங்குகிறது. அதற்கு மேலே வரும் சொல்லைக் கடிதத்தின் தன்மை அறிந்து எழுதுபவரே எழுதுகிறார்.

எந்தச் சொல் என்பதற்கும் ஒரு பழைய குழப்பம் இருந்தது. ஆங்கிலக் கடிதங்களில், பிரிட்டிஷ் மரபுப்படி, 'டியர் சார்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி' என்றும், பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்றும் முடிப்பார்கள். எங்கள் தமிழ்க் கடிதங்களில் அந்த இரண்டுக்குமே 'தங்கள் உண்மையுள்ள' என்று ஒரே மொழிபெயர்ப்பைப் பூசியிருந்தார்கள். தமிழில் கடிதம் எழுதும்போது அந்தப் பாகுபாட்டைச் சுமக்க வேண்டிய தேவையே இல்லை. விண்ணப்பமும் முறையீடும் 'இப்படிக்கு' என்று முடியட்டும். பிற கடிதங்கள் 'நன்றியுடன்' என்றோ 'அன்புடன்' என்றோ முடியலாம். எச்சரிக்கைக் கடிதத்தில் எதுவும் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் போதும். இதைத்தான் எழுதிவைத்தோம்.

இனி விளிப்புக்கு வருகிறேன். என் மனத்துக்கு நெருக்கமான பகுதி இதுதான், ஏனென்றால் ஒருவரை எப்படி அழைக்கிறோம் என்பதை அவர் மறப்பதில்லை.

அந்த 'அன்புள்ள க.,' எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தோம். வாடிக்கையாளர் பட்டியல் மென்பொருளில் 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு கட்டங்கள். நம் பெயர்களில் அப்படிப் பிரிவு கிடையாது, முதலெழுத்தும் பெயரும்தான். பதிவு செய்தவர் எழுதுகிற வரிசையிலேயே முதற்பெயர்க் கட்டத்தில் 'க.' என்றும், அடுத்ததில் பெயரையும் போட்டிருக்கிறார். மொத்தமாக அஞ்சல் அனுப்பும்போது வார்ப்புரு முதற்பெயரை எடுத்தது. முதலெழுத்தைப் பின்னால் எழுதும் வழக்கமுள்ளவர்களுக்கு மட்டும் சரியாகப் போயிருந்தது. அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

கட்டங்களை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று முதலில் தோன்றியது. ஆனால் அது ஒரு பிழையை மட்டுமே தீர்க்கும். ஒருவரைத் 'திரு.' போட்டு அழைப்பதா, பெயர் மட்டும் சொல்வதா, 'ஐயா' என்பதா என்பதையெல்லாம் பெயரை வைத்துக் கணினி ஊகிக்க முடியாது. பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்துத் தவறிய கடிதங்கள் எங்களிடமே இருந்தன. 'திருமதி', 'செல்வி' என்பதில் தவறினால் மனத்தாங்கலே மிஞ்சும். எனவே பட்டியலில் 'விளிப்பு' என்று தனியாக ஒரு கட்டம் சேர்த்தோம். அதில் முழு விளிப்பையும் அப்படியே எழுத வேண்டும். எழுத வேண்டியவர், அந்த வாடிக்கையாளரோடு உண்மையில் பழகுபவர். தெரியாவிட்டால் காலியாக விடலாம். காலியாக இருந்தால் 'அன்புடையீர்' என்று போகும். விளிப்பு D நெடுவரிசையில் இருந்தால், விரிதாளில் இது ஒரே வரி:

```
=IF(TRIM(D2)="","அன்புடையீர்,",D2)
```

'அன்புடையீர்' என்பதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதில் ஆண், பெண் பாகுபாடு இல்லை. ஒருவரையும் மரியாதையாக அழைக்கும், பலரையும் அழைக்கும். 'ஐயா / அம்மையீர்' என்று சாய்கோடு போட்டு எழுதும்போது, பெறுபவர் யாரென்று பார்க்கக்கூட நேரமில்லை என்ற தோற்றம் வந்துவிடுகிறது. 'அன்புடையீர்' அந்தத் தோற்றத்தைத் தருவதில்லை.

ஏறத்தாழ 400 பெயர்களுக்கு விளிப்பு எழுத மூன்று வாரம் பிடித்தது. சலிப்பான வேலை. ஆனால் விற்பனைப் பிரிவில் மூத்தவரான ஓர் அம்மா ஒவ்வொரு பெயரையும் பார்த்து, "இவர் டாக்டர்னு போட்டாத்தான் பதில் எழுதுவார், இவங்களுக்கு மேடம் பிடிக்காது, பேரைச் சொல்லுங்க" என்று சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அவர் ஓய்வுபெற்றிருந்தால் அந்த அறிவு அவரோடு போயிருக்கும்.

பட்டியலில் இல்லாதவருக்கு எழுதும்போது ஒரு விதி வைத்தோம்: அவர் தம் அஞ்சலின் அடியில் தம்மை எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே அழையுங்கள். முழுப்பெயர் போட்டிருந்தால் "மதிப்பிற்குரிய" சேர்த்து முழுப்பெயரும் 'அவர்களுக்கு' என்பதும். இரண்டாவது அஞ்சல் முதல் 'வணக்கம்' என்று தொடங்கிப் பெயர் சொன்னால் போதும். அதே நாளில் மாறி மாறிப் பதில் போகும்போது விளிப்பே தேவையில்லை. பதவி உயர்ந்தவர் என்பதற்காக ஒவ்வொரு பதிலிலும் "மதிப்பிற்குரிய" வர வேண்டும் என்று ஒரு துறைத் தலைவர் வற்புறுத்தினார். "சார், நீங்க அவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மெயில் போடுறீங்க, எட்டுலயும் அதையே படிச்சா அவருக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, முதல் அஞ்சலுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார். அலுவலகத்துக்குள் ஒருவரையொருவர் எப்படி அழைப்பது என்பதில் கையேடு தலையிடவில்லை. சார், அக்கா, அண்ணா என்பதெல்லாம் அவர்களுக்குள் இருக்கட்டும். உள்ளே ஓடிய உரையாடலை அப்படியே வாடிக்கையாளருக்கு முன்னனுப்பாதீர்கள் என்று மட்டும் எழுதினோம்.

எங்கள் பெயர்களையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டியிருந்தது. அலுவலர் பட்டியலில் இருந்த பெயர்களை எடுத்துக் கையொப்பம் தயாரித்தபோது, ஒருவருக்குப் பழைய முதலெழுத்து, ஒருவருக்குத் தவறான எழுத்துக்கூட்டல். அதனால் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, "ஒரு கடிதத்தின் அடியில் உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்களோ அப்படியே எழுதுங்கள்" என்றோம். அதுவே பட்டியலுக்குப் போனது. பதவிப் பெயர் மட்டும் மனிதவளப் பிரிவின் பட்டியலிலிருந்து. அதில் யாருக்கும் விருப்பத் தேர்வு கிடையாது.

தமிழ்க் கையொப்பம் வைத்திருந்த சிலர் பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்திருந்தார்கள். அவர்கள் கணினியில் 'தமிழ்' என்று தெரிவது, எழுத்துரு இல்லாத கணினியில் `jkpo;` என்று தெரியும். எழுத்துரு மாற்றி கொண்டோ மறுபடி தட்டச்சு செய்தோ அதை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

வங்கிக் கணக்கு அறிவிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையொப்பம் சீராக இருப்பது அஞ்சல் உண்மை என்பதற்குச் சான்றாகாது. யார் வேண்டுமானாலும் அதை நகலெடுக்கலாம். அனுப்பிய முகவரி உண்மையா என்பதை எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய அமைப்புகளைக் கொண்டு பெறுபவரின் சேவையகம் சோதிக்கிறது. அவற்றைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு சரிபார்த்தது. அதோடு கையேட்டில் ஒரு வரி சேர்த்தோம்: கணக்கு எண் மாற்றத்தை அஞ்சலில் மட்டும் தெரிவிக்கக் கூடாது, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் தொலைபேசியிலும் சொல்ல வேண்டும், அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணில் எங்களை அழைத்து உறுதிசெய்துகொள்ளும்படி அந்த அஞ்சலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது புதிதாகச் சேருபவர் முதல் நாளிலேயே அந்த மூன்று அஞ்சல்களையும் அனுப்புகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் மறுபடி அனுப்புகிறோம். கைபேசியை மாற்றியவர்களின் அஞ்சலில்தான் பழைய இயல்புவரி திரும்ப வந்து நிற்கிறது. சென்ற முறை அப்படி மூவர். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டோம்.